ஹட்டன் ஏஜென்சியை ஒருவருக்கே கொடுப்பதா? மூன்று வழிகளின் ஒப்பீடு

மாத்தளையில் மிளகாய்த்தூளும் கறித்தூளும் அரைத்துப் பொதி செய்யும் ஒரு சிறு உற்பத்தியாளரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சரக்கு கண்டி, கம்பளை வரை தானாகவே போய்ச் சேருகிறது. அடுத்து ஹட்டன் பக்கம் போக வேண்டும். ஹட்டன் நகரம், டிக்கோயா, நோர்வூட், அங்கிருந்து பிரியும் மஸ்கெலியா, பொகவந்தலாவை வீதிகள், மறுபுறம் கொட்டகலை, தலவாக்கலை, கீழே வட்டவளை, கினிகத்தேனை. இவ்வளவு தூரத்துக்குச் சொந்த லொறி ஓட்டுவது கட்டாது. ஹட்டனில் ஏற்கெனவே நாலைந்து கம்பனிகளின் ஏஜென்சி வைத்திருக்கும் விநியோகஸ்தர் ஒருவர் வேண்டும். அவரிடம் பேசப் போனால் முதலில் வரும் கேள்வி, "இந்தப் பக்கத்துக்கு எனக்கு மட்டும் தருவீங்களா?" என்பதாகவே இருக்கும்.

அந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. யார் கேட்டாலும் கொடுப்பேன் என்பது ஒன்று. இரண்டு வருடத்துக்கு உங்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பது இன்னொன்று. ஆறு மாதம் உங்களுக்கு மட்டும், அதற்குப் பிறகு கணக்கைப் பார்த்து முடிவெடுப்போம் என்பது மூன்றாவது. பெரும்பாலான சிறு உற்பத்தியாளருக்கு மூன்றாவதே பொருந்தும் என்பது எங்கள் முடிவு. ஆனால் அந்த ஆறு மாதத்தில் எதை அளக்கப் போகிறோம், பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவோம் என்ற இரண்டையும் முதல் பெட்டி ஏறுவதற்கு முன்னரே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது வழியும் இரண்டாவதாகவே முடியும்.

கணக்குப் பார்க்க ஓர் உதாரணம். 100 கிராம் மிளகாய்த்தூள் பக்கற்றின் உச்ச சில்லறை விலை 200 ரூபாய். கடைக்காரருக்கு 178 ரூபாய், விநியோகஸ்தருக்கு 162 ரூபாய். ஒரு பெட்டியில் 60 பக்கற்றுகள். மாதம் 100 பெட்டி, அதாவது 6,000 பக்கற்றுகள் போனால் உற்பத்தியாளருக்கு 9,72,000 ரூபாய் விற்பனை. விநியோகஸ்தருக்குப் பக்கற்றுக்கு 16 ரூபாய்ப்படி 96,000 ரூபாய் மொத்த இலாபம். லொறிச் செலவு, டீசல், ரெப்பின் சம்பளம், கடையில் நிற்கும் கடன் எல்லாவற்றுக்கும் இந்த 96,000இலிருந்து ஒரு பங்கு போகும். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டால் அவர் ஏன் தனி ஏஜென்சி கேட்கிறார் என்பது விளங்கும்.

திறந்து விட்டால் என்ன நடக்கும்

ஒரே பகுதியில் இரண்டு பேருக்குக் கொடுத்தால் போட்டியில் விற்பனை கூடும் என்று நினைப்பது இயல்பு. ஹட்டன் நகரத்துக்குள் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் தெரியும். பிரதான வீதிக் கடை ஒன்று ஒருவரிடம் 178க்கு வாங்கும். அடுத்த வாரம் மற்றவர் 174க்குக் கொடுப்பார். அதற்கடுத்த வாரம் முதலாமவர் 171 என்று இறங்குவார். 162க்கு வாங்கிய சரக்கில் 9 ரூபாய் இலாபம் வைத்து யாரும் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டக் கடைகளுக்கு லொறி ஏற்ற மாட்டார்கள். இருவரும் நகரத்திலும் பிரதான வீதியிலுமே சுற்றுவார்கள். உங்களுக்கு எந்தக் கடைகள் வேண்டுமென்று ஹட்டனுக்கு வந்தீர்களோ அந்தக் கடைகளுக்குச் சரக்கே போகாது.

விலை குறைந்ததன் கேடு அதோடு நிற்பதில்லை. ஒருமுறை 171க்கு வாங்கிய கடைக்காரர் இனி 178 கொடுக்க மாட்டார். பின்னர் ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவருக்குத் தனி உரிமை கொடுத்தாலும் அந்தப் பழைய விலை போகாது. கழிவுச் சரக்கிலும் இதே சிக்கல் வரும். கட்டிபட்ட பக்கற்றுகளைக் கடைக்காரர் நீட்டும்போது அது தான் விற்றதல்ல என்று இருவரும் சொல்வார்கள்.

ஆனாலும் திறந்த விநியோகம் சரியாக இருக்கும் இடம் உண்டு. பொருள் புதிது, யாருக்கும் தெரியாது, ஹட்டனில் எந்த விநியோகஸ்தரும் பொறுப்பெடுக்கத் துணியவில்லை என்றால், சில மாதம் மொத்தக் கடைகளுக்குக் காசுக்கு விற்று ஆட்களின் நாக்குக்குப் பழக்கலாம். அப்படிச் செய்யும்போதும் எல்லாருக்கும் ஒரே விலை வைக்க வேண்டும், கடன் கொடுக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால்

தனி உரிமைக்கு உண்மையான பெறுமதி உண்டு. தான் அறிமுகப்படுத்திய கடையில் இன்னொருவர் வந்து அறுவடை செய்யமாட்டார் என்ற உறுதி இருந்தால்தான் விநியோகஸ்தர் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள கடைக்குப் பொருளைக் கொண்டு போவார், கடன் கொடுப்பார், காட்சித் தட்டுப் போடுவார். அதனால் அவர் கேட்பது பேராசை அல்ல.

சிக்கல் காலத்திலும் நிபந்தனையிலும்தான். நிபந்தனை இல்லாத இரண்டு வருட உரிமை கையில் இருந்தால் ஒரு விநியோகஸ்தருக்கு உங்கள் பொருளை விற்காமல் வைத்திருப்பதும் இலாபமாகலாம். அவரிடம் ஏற்கெனவே வேறொரு கறித்தூள் ஏஜென்சி இருந்து, அதில் பக்கற்றுக்கு 20 ரூபாய் கிடைத்தால், உங்கள் பொருள் அந்தப் பகுதிக்குள் வேறு யார் கையாலும் வராமல் பூட்டி வைப்பதே அவருக்கு நல்லது. கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் அவருடைய ரெப் எதை விற்றால் கொமிஷன் கூடவோ அதைத்தான் கடையில் முதலில் எடுத்து வைப்பான்.

"குறைந்தபட்சக் கொள்வனவு" என்ற நிபந்தனை போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மாதம் 80 பெட்டி எடுக்காவிட்டால் உரிமை போகும் என்று எழுதுவார்கள். அந்த நிபந்தனையில் பெரிய ஓட்டை இருக்கிறது. அவர் உங்களிடம் எடுத்ததை மட்டுமே அது அளக்கிறது. கடைக்குப் போனதை அளப்பதில்லை. உரிமையைக் காப்பாற்ற ஸ்டோரில் பெட்டிகளை அடுக்கி வைப்பார். ஆறேழு மாதம் கழித்துக் காலாவதியை நெருங்கும் பக்கற்றுகளாக அவை உங்களிடமே திரும்பி வரும்.

இரண்டு வருடம் கொடுக்கலாம் என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. விநியோகஸ்தர் உங்கள் பொருளுக்காகவே தனி லொறி வாங்குகிறார், தனி ரெப் வைக்கிறார் என்றால் அந்த முதலீட்டை மீட்க அவருக்கு ஆறு மாதம் போதாது. அப்போது நீண்ட காலம் கேட்பது நியாயம். ஒரு மிளகாய்த்தூள் பக்கற்றுக்காக அப்படி யாரும் செய்வதில்லை. இருக்கிற லொறியில் இன்னுமொரு பெட்டி ஏறுகிறது, அவ்வளவுதான்.

ஆறு மாதப் பரீட்சார்த்தம்: ஏன் மூன்று மாதம் போதாது

மூன்று மாதத்தில் முதல் மாதம் அறிமுகத்திலேயே போய்விடும். கடைக்காரர் ஒவ்வொருவரும் பார்ப்போமே என்று ஐந்து, பத்து பக்கற்று எடுப்பார்கள். இரண்டாம் மாதத்தில் சிலர் மறுபடி எடுப்பார்கள். முதல் கடன் ஒழுங்காக வருகிறதா என்பது மூன்றாம் மாதத்தில்தான் தெரியவரும். அந்த இடத்தில் முடிவெடுத்தால் அறிமுக விற்பனையை வைத்தே முடிவெடுத்ததாகும். நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்களில் மறுபடி வாங்கும் கடைகள்தான் உண்மையைச் சொல்லும்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் முடிவைப் புரட்டிப் போடும். ஹட்டன் பக்கத்தில் விற்பனை மாதத்துக்கு மாதம் ஒன்றல்ல. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகச் சனம் போகும், வழியிலுள்ள சாப்பாட்டுக் கடைகள் தூளை அள்ளும். ஏப்ரலில் புத்தாண்டு. மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஓயாத மழை. ஒக்டோபர், நவம்பரில் தீபாவளி. ஜூனில் தொடங்கி நவம்பரில் முடிக்கும் பரீட்சார்த்தம் தீபாவளி விற்பனையோடு முடிவதால் யாரைப் பார்த்தாலும் கெட்டிக்காரராகத் தெரிவார். பெப்ரவரியில் தொடங்கி ஜூலையில் முடித்தால் முதற்பாதியில் பருவத்தின் துணை கிடைக்கும், பிற்பாதியில் மழையும் மந்தமும் சோதிக்கும். முடிவு ஜூலை நடுவில் கையில் இருந்தால் தீபாவளிச் சரக்கை யார் மூலம் அனுப்புவது என்று தீர்மானிக்கவும் காலம் இருக்கும். ஆகவே பெப்ரவரித் தொடக்கத்தையே சிபாரிசு செய்கிறோம்.

எதை அளப்பது

ஒரே ஒரு அளவுகோல் மட்டும் வைக்க முடியும் என்றால், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை பில் போட்ட கடைகளின் எண்ணிக்கையை வையுங்கள். எடுத்த பெட்டிகளைப் போல அதைச் சுலபமாகக் கூட்டிக் காட்ட முடியாது. இதற்கு விநியோகஸ்தர் மாதக் கடைசியில் ரூட் வாரியாகக் கடைப் பட்டியலும் ஸ்டோரில் மிச்சமிருக்கும் பெட்டிக் கணக்கும் தர வேண்டும். கம்பியூட்டர் பில் இல்லாவிட்டால் பில் புத்தகத்தின் கார்பன் பிரதியைப் போனில் படமெடுத்து அனுப்பினால் போதும். இதைத் தர மறுப்பவரோடு தனி உரிமை பேச வேண்டாம். கடைப் பட்டியல் உங்கள் கையில் இல்லாவிட்டால் பிரியும் நாளில் சந்தையே அவரோடு போய்விடும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். அவர் ஆறு ரூட்டுகளில் 240 கடைகளுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவு ஜூலை நடுவில் என்பதால் ஜூன் வரைக்குமான பெட்டி இலக்கு பெப்ரவரி 30, மார்ச் 50, ஏப்ரல் 80, மே 90, ஜூன் 90. மொத்தம் 340. கடை இலக்கு, ஜூன் கடைசியில் மூன்று பில்லாவது உள்ள கடைகள் 110, அவற்றில் குறைந்தது 40 நோர்வூட்டுக்கு அப்பால், அதாவது மஸ்கெலியா, பொகவந்தலாவை ரூட்டுகளில் இருக்க வேண்டும்.

ஜூன் முடிகிறது. அவர் எடுத்தது 360 பெட்டிகள். இலக்கைத் தாண்டிவிட்டார். பெட்டிக் கணக்கை மட்டும் பார்க்கும் உற்பத்தியாளர் அன்றைக்கே இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். கடைப் பட்டியலைப் பார்த்தால் வேறு கதை. கடைகளுக்குப் போனது 235 பெட்டிகள். ஸ்டோரில் 125 பெட்டிகள், 12 இலட்சத்துக்கு மேல் பெறுமதி. ஒரு தடவையாவது வாங்கிய கடைகள் 170, ஆனால் மூன்று பில்லாவது உள்ளவை 64 தான். அதில் 52 கடைகள் ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலையில். நோர்வூட்டுக்கு அப்பால் 12.

இந்த எண்களை வைத்து அவர் சரியில்லை என்று முடிவு கட்டுவதும் அவசரம். பிரதான வீதியில் 52 கடைகள் திரும்பத் திரும்ப எடுக்கின்றன என்றால் பொருளும் சரி, அந்த ரூட்டும் சரி. மேல் ரூட்டுகளில் கடைக்காரரிடமே கேளுங்கள். லொறி கடைசியாக எப்போது வந்தது என்ற கேள்விக்கு மூன்று கிழமை, நாலு கிழமை என்று பதில் வந்தால் பிரச்சினை லொறியில். கிழமைக்கொரு தடவை வந்தும் கடைக்காரர் எடுக்கவில்லை என்றால் பிரச்சினை பக்கற்றில். தோட்டக் கடையில் 200 ரூபாய் பக்கற்றை விடச் சிறிய பக்கற்று கூடுதலாக ஓடலாம். முதலாவது காரணம் என்றால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்கு மட்டும் அவருக்குத் தனி உரிமையை ஒரு வருடம் நீடித்து, மஸ்கெலியா, பொகவந்தலாவையை விடுவித்து அங்கேயே ஸ்டோர் வைத்திருக்கும் ஒருவரிடம் பேசலாம். இப்படிப் பகுதியைப் பிரித்து வெட்டும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அதற்காகவே எல்லையை "ஹட்டன் பிரதேசம்" என்று மொட்டையாக எழுதாமல் ரூட்டுகளாக எழுதச் சொல்கிறோம். வாசகம் இப்படி இருக்கலாம்:

"இணைப்பு 1இல் காட்டப்பட்ட ஆறு ரூட்டுகளில் 2ஆம் தரப்பினருக்கு மட்டுமே சில்லறைக் கடைகளுக்கான சரக்கு வழங்கப்படும். பரீட்சார்த்த முடிவில் ஒவ்வொரு ரூட்டும் தனித்தனியாக மதிப்பிடப்படும். இலக்கை எட்டாத ரூட்டின் தனி உரிமை மட்டும் நீங்கும். மற்ற ரூட்டுகளின் உரிமை பாதிக்கப்படாது."

மண்சரிவையும் மறக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகள் பல மூடிக் கிடந்தன. அப்படி ஒரு ரூட் மூடப்பட்டால் அந்த நாட்களுக்கேற்ப அந்த ரூட்டின் இலக்கைக் குறைக்க ஒரு வரி போட்டுவிட்டால் போதும். ஏழு நாளுக்கு மேல் மூடினால் மட்டுமே என்று வரம்பும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைநாளும் காரணமாகும்.

யார் யாரை விலக்கி வைப்பது

தனி உரிமை என்றால் அந்தப் பகுதியில் நீங்கள் ஒரு பக்கற்றும் விற்கக் கூடாது என்று விநியோகஸ்தர் நினைப்பார். சில்லறைக் கடைகளுக்கு மட்டும்தான் அது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பெரும்பாலான மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது. சுப்பர் மார்க்கெட்டுகளின் கொழும்புக் கொள்வனவு, ஹோட்டல்களுக்கான ஒரு கிலோ பொதி, தோட்டக் கூட்டுறவுச் சங்கக் கடைகள், உங்களிடம் ஏற்கெனவே மாத்தளைக்கு வந்து வாங்கும் ஹட்டன் கடைகள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்.

இதில் கூட்டுறவுக் கடைகளை விநியோகஸ்தருக்கே விட்டுவிடுவது நல்லது என்பது எங்கள் எண்ணம். தோட்டத்துக்குள் அவருடைய லொறி போகிறது, அந்தக் கடை ஒன்றை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு மட்டும் இறக்கச் சொன்னால் யாருக்கும் நன்மையில்லை. ஹோட்டல் பொதியையும் சுப்பர் மார்க்கெட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் லொறியில் அந்தச் சரக்கை இறக்கிக் கொடுத்தால் பில் பெறுமதியில் 4 வீதம் அவருக்கு என்று எழுதிவிட்டால் பிணக்கு வராது.

கண்டி விநியோகஸ்தரின் சரக்கு நாவலப்பிட்டி வழியாகக் கினிகத்தேனைக்குள் கசிந்து வரும். இதை முழுதாகத் தடுக்க யாராலும் முடியாது, தடுப்பேன் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு விநியோகஸ்தருக்கும் போகும் பெட்டியில் வேறு குறியீட்டு முத்திரை குத்துங்கள், பக்கற்றிலும் தொகுதி இலக்கத்தோடு ஓர் எழுத்துச் சேருங்கள். ஹட்டனில் கண்டி எழுத்துள்ள பக்கற்று கிடைத்தால் மூலத்தைக் கண்டுபிடித்து 14 நாளுக்குள் நடவடிக்கை எடுப்பேன் என்ற அளவுக்கு உறுதி கொடுத்தால் போதும்.

அவர் விற்கும் மற்றக் கறித்தூள்களை நிறுத்தச் சொல்லலாமா? பரீட்சார்த்தத்தில் கேட்க வேண்டாம். ஆறு மாதமே உறுதியான ஒரு புதுப் பொருளுக்காக ஓடுகிற ஏஜென்சியை விடச் சொல்வது நியாயமில்லை, ஒப்புக்கொண்டாலும் ஒளித்து விற்பார். இப்போது என்னென்ன வைத்திருக்கிறார் என்று எழுத்தில் தரட்டும். அந்த ஆறு மாதத்துக்குள் அதே விலை மட்டத்தில் புதிதாக இன்னொரு தூள் ஏஜென்சி எடுப்பதில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்ளட்டும்.

கடனும் சம்பளத் திகதியும்

"பில் திகதியிலிருந்து 30 நாள்" என்ற வழக்கமான கடன் நிபந்தனை ஹட்டன் பக்கத்துக்குச் சரிவராது. தோட்டச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியளவில் விழுகிறது. கடன் கொப்பியில் எழுதி வாங்கிய குடும்பங்கள் அதற்குப் பிறகுதான் கடைக்காரருக்குக் கொடுப்பார்கள், கடைக்காரர் அதற்குப் பிறகுதான் ரெப்புக்குக் கொடுப்பார். பணம் உண்மையில் விநியோகஸ்தரின் கைக்கு வருவது 12க்கும் 18க்கும் இடையில். 8ஆம் திகதியிட்ட செக் திரும்பி வந்தால் அவர் நேர்மையற்றவர் என்று அர்த்தமில்லை, நீங்கள் திகதியைப் பிழையாகப் போட்டிருக்கிறீர்கள்.

இதைவிடச் சுத்தமான முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி கணக்குத் தீர்ப்பு. அதுவரை இறங்கிய எல்லாச் சரக்கின் பணமும் அன்று வர வேண்டும், வந்த பிறகே அடுத்த சரக்கு. 22ஆம் திகதி 60 பெட்டி, அடுத்த 5ஆம் திகதி 40 பெட்டி அனுப்பினால் சம்பளத்துக்கு முன் கடைகள் நிறைந்திருக்கும். முதல் தொகுதிக்கு நாலு கிழமைக் கடன், இரண்டாவதற்கு இரண்டு கிழமை. உங்கள் பணம் எந்த நேரத்திலும் 9,72,000 ரூபாய்க்கு மேல் வெளியே நிற்காது. கடன் எல்லையை 10 இலட்சம் என்று எழுதி, அதில் பாதிக்காவது வங்கி உத்தரவாதம் கேளுங்கள். உத்தரவாதத்துக்கு வங்கிக் கட்டணம் உண்டு, அதைப் பாதிப்பாதி ஏற்பதாகச் சொன்னால் பேச்சு இலகுவாகும். முதல் மாதம் மட்டும் காசு. செக் ஒன்று திரும்பினால் அடுத்த சரக்கு காசுக்கு, இரண்டு திரும்பினால் பரீட்சார்த்தம் அங்கேயே நின்றுவிடும்.

விலை மாற்றத்துக்கும் ஒரு வாசகம் தேவை. காய்ந்த மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதால் ரூபாயின் மதிப்பு அசைந்தால் உங்கள் விலையும் அசையும். 14 நாள் முன்னறிவித்தல் கொடுங்கள். அந்த 14 நாளுக்குள் பழைய விலைக்கு அவர் எடுக்கக்கூடியது கடந்த மூன்று மாதச் சராசரியின் பாதி என்று எல்லை வையுங்கள். அது இல்லாவிட்டால் விலை ஏறப்போகிறது என்றதும் மூன்று மாதச் சரக்கைக் கேட்பார், உங்கள் அளவுகோல் அத்தனையும் குழம்பும். நீங்கள் வெட் பதிவு உள்ளவராக இருந்தால் சொல்லும் விலையில் 18 வீதம் அடங்குமா அடங்காதா என்றும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

திரும்பி வரும் பக்கற்றுகள்

கட்டிபட்ட தூள், மணம் மாறிய தூள், காலாவதி. இந்த மூன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பும் வேறு. "பழுதானதை மாற்றித் தருவோம்" என்று பொதுவாக எழுதினால் மூன்றும் உங்கள் தலையில்தான் விழும்.

கட்டிபட்ட பக்கற்றை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெதுவாக அழுத்துங்கள். ஒட்டிலிருந்து குமிழி வந்தால் உங்கள் சீலர் சரியாகப் பிடிக்கவில்லை, ஈரக்காற்று புகுந்திருக்கிறது. அதே தொகுதி இலக்கத்தில் இன்னும் பத்துப் பக்கற்றைப் பாருங்கள், இரண்டு மூன்றில் குமிழி வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப எடுப்பது உங்கள் பொறுப்பு. குமிழியே வராமல் கட்டிபட்டிருந்தால் தூளைப் போதியளவு காயவிடாமல் அடைத்திருக்கலாம், அதுவும் உங்கள் பக்கம்தான். ஒட்டுக்கு அப்பால் ஊசித்துளை, எலிக்கடி, மடிப்புக் கிழிசல் என்றால் ஸ்டோரிலோ லொறியிலோ நடந்தது, அது அவர் பக்கம். தோட்டக் கடைகளில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், கறித்தூள் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். மெல்லிய பொலித்தீன் பக்கற்று அந்த மணத்தை உறிஞ்சும். தனித் தட்டு கொடுத்தால் இந்த முறைப்பாடு பெரும்பாலும் நின்றுவிடும், அந்தத் தட்டின் செலவை நீங்களே ஏற்பது இலாபம்.

காலாவதிக்கு மாதக் கொள்வனவின் 1 வீதம் வரை நீங்கள், அதற்கு மேல் அவர் என்று பிரிக்கலாம். காலாவதிக்கு 60 நாள் இருக்கும்போதே அறிவித்தால் வேறு பகுதிக்கு மாற்ற உதவுவதாகவும் சொல்லுங்கள்.

பிரியும் விதிகள்

பரீட்சார்த்தம் முடிந்து தொடராவிட்டால் என்ன என்பதை எழுதாமல் விட்டால், உரிமை நீங்கிய பிறகும் அவர் ஸ்டோரில் உள்ள 125 பெட்டியை அரை விலைக்குத் தள்ளுவார். புது விநியோகஸ்தர் முதல் மாதத்திலேயே சோர்ந்து போவார். எனவே:

"பரீட்சார்த்தம் தொடரப்படாவிடின், காலாவதிக்கு நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளதும் பெட்டி உடைக்கப்படாததுமான சரக்கை 1ஆம் தரப்பினர் பில் விலைக்கே 21 நாட்களுக்குள் திரும்பப் பெறுவார். அப்பெறுமதி முதலில் நிலுவைக் கணக்கில் கழிக்கப்படும். கடைகளில் உள்ள கடன் 2ஆம் தரப்பினருக்கே உரியது. அதை அறவிட அவருக்கு 45 நாள் அவகாசம் உண்டு."

திரும்ப எடுக்கும் கடப்பாடு உங்களுக்கும் ஒரு கடிவாளம். ஸ்டோர் நிரம்புகிறது என்று மாதாந்தக் கணக்கில் தெரிந்தும் தொடர்ந்து பெட்டிகளை அனுப்பினால் அந்தப் பணத்தை நீங்களே திருப்பிக் கொடுக்க நேரிடும். இதனால்தான் ஸ்டோரில் ஆறு கிழமைக்கு மேல் சரக்கு இருந்தால் புதிய சரக்கு இல்லை என்ற விதியையும் சேர்க்கச் சொல்கிறோம்.

ஜூலை 15 தாண்டியும் இருவரும் ஒன்றும் பேசாவிட்டால் என்ன? "தானாகவே நீடிக்கும்" என்று எழுதாதீர்கள். எழுத்தில் உறுதி செய்யாவிட்டால் ஜூலை 31உடன் தனி உரிமை முடியும், சாதாரண விற்பனை தொடரலாம் என்று எழுதுங்கள். தொடர்ந்தால் அடுத்த ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு, அதற்குப் பிறகு இரண்டு.

இன்னொன்று, ஒப்பந்தத்துக்கு வெளியே. உங்கள் வணிகக் குறியை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயரில் பதிய விண்ணப்பித்த பிறகே தனி உரிமைக் கடிதம் கொடுங்கள். பதிவு 10 வருடம் செல்லும், புதுப்பிக்கலாம். பெயரைப் பதியாமல் ஒரு பகுதியில் ஒருவரையே முகமாக்கிவிட்டால், கடைகளுக்கு அது அவருடைய பொருளாகவே தெரியும்.

கடிதம் எழுதும் முன்பும் எழுதும்போதும்

முன்மொழிவுக்கு முன் அவருடைய லொறியோடு ஒரு முழு நாள் போக அனுமதி கேளுங்கள், அதுவும் மேல் ரூட் ஒன்றில். எத்தனை கடையில் நின்றார்கள், எத்தனை பில், எவ்வளவு பணம் வசூலானது, கழிவுச் சரக்கைக் கடைக்காரர் காட்டியபோது ரெப் என்ன சொன்னான் என்று பாருங்கள். கழிவைத் தட்டிக் கழிக்கும் ரெப் உங்கள் பொருளுக்கும் அதையே செய்வான். வேறு கம்பனிகளுக்குப் பணம் ஒழுங்காகப் போகிறதா என்று அந்தக் கம்பனிகளின் ஏரியா மெனேஜரிடம் கேட்கலாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், ரூட் பட்டியலும் விலைப்பட்டியலும் இணைப்பாக. அவருக்கு என்ன கிடைக்கும் என்பது முதலில் வர வேண்டும். உதாரணமாக இப்படி:

"மதிப்புக்குரிய ஐயா, எமது மிளகாய்த்தூள், கறித்தூள் வகைகளை இணைப்பில் உள்ள ஆறு ரூட்டுகளில் தங்களுக்கு மட்டுமே வழங்க விரும்புகிறோம். பெப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரையான ஆறு மாதத்தில் இப்பகுதிச் சில்லறைக் கடைகளுக்கு வேறு எவருக்கும் சரக்குத் தரமாட்டோம். பக்கற்றுக்குத் தங்கள் இலாபம் 16 ரூபாய். மாதம் 100 பெட்டி அளவை எட்டும்போது 96,000 ரூபாய். கணக்குத் தீர்ப்பு ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி. விற்காத சரக்கை முடிவில் நிபந்தனைப்படி நாமே திரும்பப் பெறுவோம். தங்களிடம் நாம் வேண்டுவது மாதாந்தக் கடைப் பட்டியலும், ஜூன் முடிவில் மூன்று தடவையாவது வாங்கிய 110 கடைகளும். இலக்கை எட்டிய ரூட்டுகளில் ஆகஸ்ட் 1 முதல் ஒரு வருடத் தனி உரிமை தங்களுக்கே."

இந்தக் கடிதத்தைப் படித்தவர் பெரும்பாலும் 110ஐக் குறைக்கச் சொல்வார், 16ஐக் கூட்டச் சொல்வார். 110ஐ 95 ஆக்கலாம், நோர்வூட்டுக்கு அப்பால் உள்ள 40ஐ மட்டும் குறைக்காதீர்கள். இலாபத்தைக் கூட்டுவதானால் நிரந்தரமாகக் கூட்டாமல், மேல் ரூட்டுகளில் மூன்றாவது பில் போட்ட ஒவ்வொரு கடைக்கும் 500 ரூபாய் என்று ரெப்புக்கே போய்ச் சேரும்படி வையுங்கள். நாற்பது கடைக்கு 20,000 ரூபாய். பக்கற்றுக்கு ஒரு ரூபாய் கூட்டினால் நகரத்தில் எப்படியும் விற்கும் பெட்டிக்கும் சேர்த்து அந்தப் பணம் போய்விடும், பொகவந்தலாவைக்கு லொறி ஏறுவதற்கு அதனால் ஒரு காரணமும் பிறக்காது.